தாயும் சேயும்: அதே நாளில், ஒரே வார்டில்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவ வார்டிலும் அவசரப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு வீடாகச் சென்று பச்சை உடம்புக்காரிகளைப் பார்த்துவரும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும்,



பிரசவமான பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால் நீங்கள் யாரும் மறுநாள் வரச்சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பின் வலிப்பு வந்தால் வீட்டார் வேறு எங்காவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று காத்திருப்பதுமில்லை. ஆனால் அதே பெண் நான்கு நாட்களாகக் கண் மூடாமல், தான் பெற்ற குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினால், மருத்துவமனைக்கு வந்துசேரவே பல நாட்கள் கழிந்துவிடுகின்றன. பேறுகால மனப்பிறழ்வு, அதாவது போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், ஆயிரம் பிரசவங்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் நம் மாநிலத்தில் இந்தக் கணக்குப்படி எண்ணூறு முதல் ஆயிரத்து எண்ணூறு வரையிலான தாய்மார்கள். இவர்களுக்காக உங்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். சந்தேகம் வந்த அதே நாளில் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்போது குழந்தையையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது வேகத்தையும் இரண்டாவது இரக்கத்தையும் கேட்பதாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே கோரிக்கை என்பதே என் வாதம். மருத்துவமனைக்குப் போனால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று நம்பும் குடும்பம் நோயை மறைக்கும். குழந்தையோடு வரலாம் என்று தெரிந்த குடும்பத்துக்கு மறைக்க ஒரு காரணம் குறையும்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். இந்த நோய் பெரும்பாலும் பிரசவமான முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கெண்டலும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, மனப்பிறழ்வுக்காக ஒரு பெண் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு பிரசவத்துக்கு அடுத்த முப்பது நாட்களில் கர்ப்பத்துக்கு முந்தைய காலத்தைவிட இருபது மடங்குக்கு மேல் கூடுகிறது என்று காட்டியது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இதற்கு இணையான ஆபத்துக் காலம் வேறில்லை. இயக்குநீர்கள் சடாரென வீழ்வதும் தூக்கம் கெடுவதும், இருமுனைக் கோளாறுக்கான உள்ளார்ந்த நாட்டம் உள்ளவர்களிடம் இதைக் கிளப்பிவிடுகின்றன என்பதே இன்றைய புரிதல். இருமுனைக் கோளாறு உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பின் இது வருகிறது. முந்தைய பிரசவத்தில் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கேனும் மீண்டும் வருகிறது. ஆனால் இதற்கு ஆளாகும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனநோய் வரலாறு எதுவுமே இருப்பதில்லை. ஆகவே பழைய சீட்டைப் பார்த்து மட்டும் இதை எதிர்பார்க்க முடியாது.

இந்த நாட்கணக்கில் நமக்கு ஒரு சிக்கலும் ஒரு வசதியும் இருக்கின்றன. சுகப்பிரசவமான பெண்ணை நாம் இரண்டு நாட்களில் வீட்டுக்கு அனுப்புகிறோம். நோய் தலைகாட்டும்போது அவள் தாய்வீட்டில், மருத்துவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாள். இது சிக்கல். பச்சிளங்குழந்தைக்கான வீட்டுப் பார்வைகள் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் திட்டமிடப்பட்டிருக்கின்றன. முதல் மூன்று பார்வைகளும் இந்த நோயின் காலத்தோடு அப்படியே பொருந்துகின்றன. இது வசதி. குழந்தையின் எடையையும் தொப்புளையும் பார்க்கப் போகும் கண்களே தாயின் தூக்கத்தையும் பேச்சையும் பார்த்துவிட முடியும். புதிதாக ஆள் போட வேண்டியதில்லை. என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

எதைக் கேட்பது? முதல் கேள்வி தூக்கம். கைக்குழந்தை உள்ள வீட்டில் எந்தத் தாயும் நன்றாகத் தூங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் சாதாரணக் களைப்பில் இருக்கும் தாய், பாட்டி பிள்ளையை வாங்கிக்கொண்டால் அடுத்த நிமிடம் உறங்கிவிடுவாள். நோய் தொடங்கியவளுக்குப் பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராது. வராதது குறையாகவும் தெரியாது. நடு இரவில் பாத்திரம் துலக்குவாள், மூச்சுவிடாமல் பேசுவாள், அல்லது எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த கேள்வி மாற்றம். இவள் எப்போதும் இப்படித்தானா, இந்த இரண்டு மூன்று நாட்களில் வேறு ஆளாகிவிட்டாளா என்று அவளுடைய தாயையோ கணவனையோ கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வி குழந்தையைப் பற்றியது. குழந்தை தன்னுடையதுதானா, அதற்கு ஏதாவது தனிச் சக்தியோ கெடுதலோ இருப்பதாகத் தோன்றுகிறதா, அதற்கு யாராவது தீங்கு செய்யப் பார்க்கிறார்களா, அதைப் பற்றிக் குரல் ஏதும் கேட்கிறதா என்று நேராகவே கேட்கலாம். தனக்கு வாழப் பிடிக்கவில்லையா என்பதையும் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்பதால் இல்லாத எண்ணம் அவள் மனதில் முளைத்துவிடாது. இவற்றோடு திசையும் நேரமும் புரியாத ஒரு திகைப்பு அவளிடம் இருக்கலாம். காய்ச்சலில் பிதற்றுவது போன்ற அந்தக் குழப்பத்தைக் கண்டுதான் நம் பெரியவர்கள் ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள்.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. பிள்ளை பெற்றவள் அழுவதையெல்லாம் நோயாக்கினால் வார்டு கொள்ளுமா? கொள்ளாது, ஆக்கவும் வேண்டாம். பிரசவமான மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை காரணமில்லாமல் கண் கலங்குவது மிகப் பல தாய்மார்களுக்கு வரும். அது பத்து நாட்களுக்குள் தானே அடங்கிவிடும். அவள் பேச்சில் முன்னுக்குப் பின் முரண் இருக்காது. இன்னொரு நிலையையும் பிரித்தறிய வேண்டும். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, கத்தி பட்டுவிடுமோ என்ற எண்ணம் தன்னை மீறி வருவதாகச் சொல்லி நடுங்கும் தாய்மார்கள் உண்டு. அந்த எண்ணத்தை அவள் வெறுக்கிறாள், அது தவறு என்று அவளுக்குத் தெரியும், கத்தியைத் தானே ஒளித்தும் வைக்கிறாள். அது பதற்றத்தைச் சேர்ந்த எண்ணச் சுழற்சி. அதற்கும் சிகிச்சை வேண்டும், ஆனால் அவளிடமிருந்து குழந்தையைப் பறிப்பது அவளுடைய பயத்தை மெய்யாக்கிவிடும். மனப்பிறழ்வில் உள்ள தாயோ அந்த எண்ணத்தை உண்மையென்று நம்புகிறாள். குழந்தையைக் காப்பாற்றத் தான் அதைச் செய்தே ஆக வேண்டும் என்றும் நம்பக்கூடும். வெறுப்பில்லாமலே, அன்பின் பெயராலேயே தீங்கு நேர்வது இந்த நோயின் கொடுமை. தாயின் தற்கொலையும் குழந்தையின் மரணமும் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் தடுக்கக்கூடிய மரணங்கள் என்பதால்தான் இதை அவசரநிலை என்கிறோம்.

இரண்டாவது மறுப்பு, நாங்கள் பார்த்தபோது அவள் நன்றாகத்தானே பேசினாள் என்பது. இந்த நோயை மற்ற மனநோய்களிலிருந்து வேறுபடுத்துவதே இந்த ஏற்ற இறக்கம்தான். காலையில் குழந்தையைத் தொட மறுத்தவள் மதியம் தெளிவாகப் பேசி, காலையில் என்னவோ ஆகிவிட்டது என்று வருந்துவாள், இரவில் மீண்டும் குழம்புவாள். அவசரப் பிரிவில் பத்து நிமிடம் பேசிய மருத்துவர் அந்தத் தெளிவான பத்து நிமிடத்தைப் பார்த்திருக்கலாம். ஆகவே வீட்டார் இரண்டு நாட்களாகப் பார்த்ததை உங்கள் பத்து நிமிடத்தைவிடப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவாகத் தெரிகிறாள் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2014-இல் வெளியிட்ட நெறிமுறை, சந்தேகத்துக்குரிய பெண்ணை நான்கு மணி நேரத்துக்குள் மனநலக் குழு பார்க்க வேண்டும் என்கிறது. மணிக்கணக்கில் மாறும் நோய்க்கு மணிக்கணக்கில்தான் கெடு வைக்க முடியும்.

ஒரு பெண்ணைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு நாள் நாளாகப் பார்ப்போம். இருபத்து நான்கு வயது, முதல் பிரசவம், வட்ட மருத்துவமனையில் சுகப்பிரசவம், மூன்றாம் நாள் தாய்வீட்டுக்கு வருகிறாள். நான்காம் நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை, உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஐந்தாம் நாள் சிடுசிடுப்பு, சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாகச் சந்தேகம். ஆறாம் நாள் குழந்தையின் கண் வேறு மாதிரி இருக்கிறது, இது என் பிள்ளை இல்லை என்கிறாள். பால் கொடுக்க மறுக்கிறாள். காத்து கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். ஏழாம் நாள் காலை கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையைப் பார்க்க வருகிறார். இந்த இடத்தில் அவர் கயிற்றைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. கயிறு கையில் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு இன்றே போவோம் என்று சொன்னால் போதும். அந்த நிமிடத்திலிருந்து தாயைக் குழந்தையோடு தனியே விடக்கூடாது, தாயை மட்டும் தனியே விடவும் கூடாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒரு அழைப்பு, 108-க்கு ஒரு அழைப்பு. வீட்டாருக்கோ செவிலியருக்கோ ஆலோசனை வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416 இருக்கிறது, ஆனால் அந்தத் தொலைபேசிப் பேச்சு வண்டிக்கு மாற்றாகாது. வண்டியில் டிஸ்சார்ஜ் சீட்டும், குழந்தையும், இரவு தங்கக்கூடிய ஒரு உறவுப் பெண்ணும் ஏற வேண்டும். போகும் இடம் மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் மூன்றும் ஒரே வளாகத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருப்பது நல்லது.

ஏன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை? பிரசவமான பெண் குழம்பிப் பேசினால் அது மனநோய்தான் என்று முடிவுகட்டும் முன் உடம்பைப் பார்த்தாக வேண்டும். கர்ப்பப்பையில் தொற்று ஏறி இரத்தத்தில் பரவினாலும், இரத்த அழுத்தம் ஏறி வலிப்பின் விளிம்பில் இருந்தாலும், தைராய்டு தாறுமாறானாலும், சோடியமோ சர்க்கரையோ இறங்கினாலும் இதே குழப்பம் வரும். மூளையின் சிரைகளில் இரத்தம் உறைவது நம் நாட்டில் பேறுகாலத்தில் மறக்கக்கூடாத ஒன்று. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு, உடல் வறண்டால் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். ஆகவே அவசரப் பிரிவில் காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம், சர்க்கரை முதலில் பார்க்கப்பட வேண்டும். இரத்த அணுக்கள், உப்புகள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனைகள் தொடர வேண்டும். தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம், நினைவு தடுமாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் சிரைகளையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை. மனநோய் என்று சீட்டில் எழுதப்பட்டுவிட்டால் அதன்பின் காய்ச்சலைக் கவனிப்பவர் குறைந்துவிடுவார்கள். இதனால்தான் மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் அந்த முதல் நாளில் ஒன்றாகப் பார்க்க வேண்டும், ஒருவர் மற்றவரிடம் தள்ளிவிட்டுப் போகக்கூடாது.

அடுத்தது சேர்க்கும் முடிவு. அவள் சம்மதிக்கவில்லையே, சட்டம் இடம் கொடுக்குமா என்ற தயக்கம் பலரிடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. பிரிவு 94-இன்படி, உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரும் நிலையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையைத் தொடங்கலாம். உடனிருக்கும் நியமனப் பிரதிநிதியின் சம்மதம் பெற வேண்டும். அந்த அதிகாரம் 72 மணி நேரம் வரை, அல்லது மனநல நிலையத்தில் பரிசோதனை நடக்கும் வரை. அருகிலுள்ள மனநல நிலையத்துக்கு அவளைக் கொண்டுசேர்ப்பதும் இதில் அடங்கும். மின்னதிர்வு சிகிச்சையை மட்டும் இந்த அவசர அதிகாரத்தில் கொடுக்கக்கூடாது. அதன்பின் பிரிவு 89-இன்படி பிரதிநிதியின் விண்ணப்பத்தோடு, மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து, முப்பது நாட்கள் வரை சேர்க்கலாம். பெண் என்பதால் மூன்று நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பிரிவு கேட்கும் நிலைகள், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் ஆபத்து, பிறரைத் துன்புறுத்தும் ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமை. நான்கு நாட்களாகத் தூங்காமல், உண்ண மறுத்து, குழந்தை மாற்றப்பட்டதாக நம்பும் பெண்ணிடம் இவற்றில் எது பொருந்துகிறது என்று பார்த்து எழுத, விவரம் கேட்டறிந்த மருத்துவருக்கு அதிக நேரம் ஆகாது. தெளிவான நேரத்தில் அவளே சம்மதித்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தத் தெளிவு மறையக்கூடியது என்பதையும் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது குழந்தை. இதுதான் பெரும்பாலான இடங்களில் தவறிப்போகும் இடம். குழந்தையைப் பாட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாயை மட்டும் மனநல வார்டில் வைக்கிறோம். பாதுகாப்புக்காகத்தானே என்பது மூன்றாவது மறுப்பு. அதே சட்டத்தின் பிரிவு 21 இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. அவளுடைய நோயால் குழந்தைக்கு ஆபத்து என்றோ, பிரிப்பது குழந்தையின் நலனுக்குத் தேவை என்றோ சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையோடு குழந்தையைப் பார்க்கும் வாய்ப்பு தாய்க்குத் தொடர வேண்டும். அந்த முடிவைப் பதினைந்து நாட்களுக்கொரு முறை மறுஆய்வு செய்ய வேண்டும். தொடர்ந்து முப்பது நாட்களைத் தாண்டினால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதாவது சேர்த்து வைப்பதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை, பிரிப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். நம் நடைமுறை தலைகீழாக இருக்கிறது.

பாதுகாப்பு என்ற கவலையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. குழந்தைக்குத் தீங்கு செய்யச் சொல்லும் குரல் கேட்கும் தாயிடம் முதல் சில நாட்கள் குழந்தையைக் கொடுக்க முடியாது. ஆனால் கொடுக்காமல் இருப்பதற்கும் ஊருக்கு அனுப்பிவிடுவதற்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது. குழந்தையைக் காப்பது தூரம் அல்ல, இடைவிடாத கண்காணிப்பு. பிரிட்டனில் 1948-இலேயே தாமஸ் மெய்ன் காசல் மருத்துவமனையில் தாய்மாரைக் குழந்தைகளோடு அனுமதிக்கத் தொடங்கினார், அதிலிருந்து தாய் சேய் மனநலப் பிரிவுகள் வளர்ந்தன. நம் அருகிலேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் 2009-இல் இந்தியாவின் முதல் தாய் சேய் மனநலப் பிரிவைத் தொடங்கியது. அங்கே தாயோடு ஒரு உறவுப் பெண்ணும் தங்குகிறார். ஆள் பற்றாக்குறையை நம் குடும்ப அமைப்பைக் கொண்டே ஈடுசெய்த ஏற்பாடு அது. இப்படிச் சேர்த்து வைப்பதால் நோய் மீண்டும் வருவது குறைகிறதா என்றால், சான்று இன்னும் திடமாக இல்லை. பிரிட்டனில் 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தாய் சேய்ப் பிரிவில் இருந்தவர்களும் மற்ற சேவைகளைப் பெற்றவர்களும் ஓராண்டுக்குள் மறுபடி சேரும் விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தாய் சேய்ப் பிரிவில் இருந்த பெண்களின் மனநிறைவு அதிகமாக இருந்தது. ஆகவே நான் அதிசயப் பலன் எதையும் வாக்களிக்கவில்லை. பிரிப்பதால் நன்மை நிரூபிக்கப்படாதபோது, பால் வற்றுவதும், குணமான தாய் தன் பிள்ளையை அறியாமல் வீடு திரும்புவதும், அடுத்த குடும்பம் அதைக் கேட்டுப் பயந்து தாமதிப்பதும் ஏன் என்றே கேட்கிறேன்.

எங்களிடம் அப்படி ஒரு பிரிவு இல்லையே என்பது நான்காவது மறுப்பு, நடைமுறையில் மிகப் பெரியதும் இதுதான். தனிக் கட்டடம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பெண்கள் மனநல வார்டில் செவிலியர் மேசைக்கு நேரெதிரே ஒரு பக்க அறை, குழந்தைக்குத் தனித் தொட்டில், உறவுப் பெண்ணுக்கு ஒரு கட்டில், தினமும் ஒரு முறை வந்து பார்க்கும் குழந்தைகள் நல மருத்துவர், இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். நம் கற்பனைப் பெண்ணின் கதையை இங்கே தொடர்வோம். முதல் மூன்று நாட்கள் குழந்தையும் பாட்டியும் அதே வார்டின் வேறு அறையில் இருக்கிறார்கள். செவிலியர் குழந்தையைத் தாயிடம் கொண்டுவந்து காட்டுகிறார், கையில் கொடுப்பதில்லை. நான்காம் நாள் தூக்கம் வந்து, திகைப்பு குறைந்ததும் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் குழந்தையைச் சிறிது நேரம் மடியில் வைக்கிறாள். அடுத்த வாரம் செவிலியர் முன் உடை மாற்றுகிறாள், பால் கொடுக்கிறாள், குளிப்பாட்டுகிறாள். ஒவ்வொரு படியிலும் அவள் குழந்தையைப் பற்றி என்ன சொல்கிறாள், கை எப்படி இயங்குகிறது, அழுதால் என்ன செய்கிறாள் என்பது குறிப்பில் ஏறுகிறது. பழைய நம்பிக்கை திரும்பினால் ஒரு படி பின்னே போகிறார்கள். குழந்தையை மீண்டும் அவளிடம் ஒப்படைப்பதும் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அதை வீட்டில் யாரும் இப்படிப் படிப்படியாகச் செய்து பார்க்க முடியாது. இந்த ஏற்பாட்டில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாட்டியைக் காவலுக்கு வைத்துவிட்டுச் செவிலியர் ஒதுங்கிவிடக்கூடாது. பாட்டியும் பல இரவுகளாகத் தூங்காதவர், மகள் சொல்லுக்கு இளகக்கூடியவர். பொறுப்பு வார்டினுடையது.

மருந்தும் பாலும் பற்றி அதிகம் கேட்கப்படுகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பெர்கிங்க் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கத்துக்கான பென்சோடயசெபின் மருந்து முதலில், பின் மனப்பிறழ்வுக்கான மருந்து, பின் லித்தியம் என்று படிப்படியாகச் சேர்த்தபோது 64 பெண்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் குணமடைந்தார்கள். மனநோய்களில் இவ்வளவு நன்றாகக் குணமாவது அரிது. கடுமையாக இருந்தால் மயக்க மருந்தோடு தரப்படும் மின்னதிர்வு சிகிச்சையும் விரைவாகப் பலன் தருகிறது. ஓலன்சபின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே சேர்கின்றன, குழந்தையின் உறக்கத்தையும் எடையையும் கவனித்துக்கொண்டு பால் கொடுக்கலாம். லித்தியம் அப்படியல்ல. அது தேவைப்படும்போது பெரும்பாலும் தாய்ப்பாலை நிறுத்துவதுதான் பாதுகாப்பு. தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனையில் குழந்தைக்கு வழி கிடைக்கும், இல்லாவிட்டால் புட்டிப்பால் குற்றமல்ல. பாலை வற்றவைக்க புரோமோகிரிப்டின், கேபர்கோலின் மாத்திரைகளை எழுதுவதைத் தவிருங்கள், அவை மனப்பிறழ்வைக் கிளறிவிடக்கூடும். வால்ப்ரோயேட் மருந்து அடுத்த கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கும் என்பதால் இந்த வயதுப் பெண்களுக்கு அது வேண்டாம். எதுவானாலும் இரவுப் பாலை உறவுப் பெண் கொடுக்கட்டும், தாய் தூங்கட்டும். தூக்க மருந்து உண்ட தாயின் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்கக்கூடாது. பால் கேள்விக்கு முடிவு தெரியவில்லை என்பதற்காக ஒரு நாள்கூட மருந்து தள்ளிப்போகக்கூடாது.

கடைசி மறுப்பு வீட்டிலிருந்து வருவது. பைத்தியம் என்று பேர் வந்துவிட்டால் புகுந்த வீட்டில் அவள் கதி என்ன? இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் மறைத்து வைத்த நோய் நீண்டு, ஊரறிய வெடிக்கும்போதுதான் அந்தப் பேர் நிலைக்கிறது. சில வாரங்களில் குணமாகிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியவளுக்கு அவ்வளவு எளிதில் ஒட்டாது. கணவரையும் மாமியாரையும் டிஸ்சார்ஜுக்கு முன் உட்காரவைத்து, இது பிரசவத்தோடு வந்த நோய், அவள் குணமோ வளர்ப்போ காரணமல்ல, மருந்தை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தக்கூடாது, முதல் வாரத்திலேயே மறுபடி வர வேண்டும் என்று விளக்குவது மருத்துவரின் வேலை. அவளுடைய நோய்க்குறிப்பை அவள் சம்மதமில்லாமல் யாரிடமும் கொடுக்காமல் இருப்பதும் அதே வேலைதான். அடுத்த குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பத்துக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். அடுத்த பிரசவத்தில் அவளை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ள அந்த ஒரு வரி உதவும்.

எனவே ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். கிராம சுகாதாரச் செவிலியர்களே, மூன்றாம், ஏழாம், பதினான்காம் நாள் பார்வைகளில் குழந்தை தூங்கும்போது நீங்கள் தூங்குகிறீர்களா என்ற கேள்வியை விடாதீர்கள். கர்ப்பப் பதிவின்போதே இருமுனைக் கோளாறும் முந்தைய பேறுகால நோயும், தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்த நோயும் கேட்டுக் குறித்து வையுங்கள். அவசரப் பிரிவு மருத்துவர்களே, மறுநாள் புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள் என்ற சொல்லை இந்தப் பெண்களிடம் சொல்லாதீர்கள். மனநல மருத்துவர்களே, சேர்க்கும் படிவத்தில் குழந்தையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். எங்கே படுக்கும், யார் கவனிப்பார்கள், பிரித்தால் ஏன், எந்தத் தேதியில் மறுஆய்வு என்பது அதில் இருக்கட்டும். மருத்துவமனைத் தலைவர்களே, அந்தப் பக்க அறையையும் தொட்டிலையும் இந்த மாதமே ஒதுக்குங்கள். அடுத்து வரும் குடும்பத்திடம், அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், இப்போதே கிளம்புங்கள் என்று உங்கள் செவிலியர் தயங்காமல் சொல்ல அந்த அறை இருந்தாக வேண்டும்.

அன்புடனும் மதிப்புடனும்,
தாய் சேய் நலத்தில் அக்கறையுள்ள ஒருவர்